கடைசி நாளின் கையிருப்பு

கேம்பல் லேன் பக்கம் சித்தப்பா நடத்திவந்த சேலைக்கடையை மூடிவிட்டார். வாடகை ஒப்பந்தம் முடிந்தது, அவருக்கும் முட்டி தேய்ந்தது. ஷட்டரை இறக்கி, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு தேங்காயை உடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். பொருள் சேவை வரிப் பதிவு முடியவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கு வேலை பார்க்கிறவனை அண்ணன் மகனாகப் பெற்றவர்களுக்கு இந்த மாதிரி நல்ல செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

வியாபாரத்தை நிறுத்திய 30 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எந்தத் தேதியோடு முடிகிறது என்று அவர்கள் தெரிவிப்பார்கள். அந்தத் தேதிவரை விற்றதற்கெல்லாம் வரி உண்டு. அதற்குப் பிறகு ஒரு காசு வரி வசூலிக்கக் கூடாது. சிங்பாஸில் நுழைந்து விண்ணப்பத்தை அனுப்ப அதிக நேரம் ஆகவில்லை. சரக்குக்கு மதிப்புப் போட உட்கார்ந்தபோதுதான் குடும்பத்தில் அமைதி கெட்டது.

சித்தப்பா விரும்பிப் பதிந்துகொண்டவர். இந்தியாவிலிருந்து சேலை இறக்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் காரணம், பெற்றும் வந்தார். அங்கேதான் கொக்கி இருக்கிறது. அப்படி வரியைத் திரும்பப் பெற்ற சரக்கும் தட்டுமுட்டும் பதிவு முடியும் நாளில் கையில் இருந்து, அவற்றின் மொத்தச் சந்தை மதிப்பு 10,000 வெள்ளியைத் தாண்டினால், அத்தனையையும் விற்றுவிட்டதாகவே கணக்கு வைத்து 9 விழுக்காடு கட்ட வேண்டும். தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுவதுக்கும். தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை.

ஆகவே சரக்கு எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்லது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு இரண்டு கோப்பி தேவைப்பட்டது.

"இந்த ஆரணிப்பட்டு எவ்வளவு போகும், சித்தப்பா?"

"முந்நூத்தம்பது. கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க."

"ஆறு தீபாவளியா யாரும் கண்ணை மூடலையே?"

முகம் சிவந்துவிட்டது. சரக்கைப் புகழ்ந்தே பழகிய வாய். அரசாங்கத்திடம் மட்டும் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அவர் போட்ட விலைச்சீட்டுகளைக் கூட்டினால் 21,000 வெள்ளி வந்தது. வரி மட்டும் 1,890. சந்தை மதிப்பு என்பது சீட்டில் எழுதியது அல்ல, இன்றைக்கு ஒருவர் உண்மையில் என்ன கொடுப்பார் என்பது என்று சொன்னேன். அதற்காக அடிமாட்டு விலையும் போட முடியாது, கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். பக்கத்துக் கடை விலை, கடைசியாக விற்ற ரசீது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேலை, குத்துவிளக்கு, கண்ணாடி அலமாரி எல்லாம் சேர்த்து 12,200 வெள்ளியில் நிறுத்தினோம். வரி 1,098.

"இதுக்கு உறவுக்காரங்களுக்கே ஆளுக்கொரு பட்டுச்சேலை கொடுத்துடலாமே" என்றார் சித்தி. எங்கள் வீட்டிலேயே வரித் திட்டமிடுதலில் கெட்டிக்காரர் சித்திதான். ஆனால் அன்பளிப்புக்கும் எல்லை இருக்கிறது. வரியைத் திரும்பப் பெற்ற பொருளின் அடக்கவிலை 200 வெள்ளியைத் தாண்டினால், இலவசமாகக் கொடுத்தாலும் விற்றதாகவே கணக்கு. சித்தி மனதில் வைத்திருந்ததெல்லாம் 200ஐத் தாண்டிய சேலைகள்தான்.

வேறு வழியில்லாமல், பதிவு முடிவதற்குள் தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்பி, 2,500 வெள்ளி மதிப்புள்ளதை விற்றோம். வரியோடு 2,725 வந்தது. அதில் 225 அரசாங்கத்துடையது. கடைசி நாள் இரவு எண்ணிப் பார்த்தபோது மிச்சம் 9,700. அந்தப் பட்டியலைத் தேதியோடு எழுதிச் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். எழுபது வயதில் இப்படி ஒரு அவமானமா என்ற பார்வையோடு போட்டார்.

இறுதிப் படிவத்தின் பெயர் GST F8. கடைசிக் கணக்குக் காலம் முடிந்த ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். விற்பனையே இல்லை என்றாலும் வெறும் சுழியங்களோடு அனுப்பத்தான் வேண்டும். எங்கள் படிவத்தில் அந்த 2,500 விற்பனைக் கட்டத்தில் ஏறியது, 9,700 எங்கும் ஏறவில்லை. "எழுதவே இல்லையா? அவ்வளவும் நல்ல சரக்குடா" என்று மனிதர் மெய்யாகவே வருந்தினார்.

ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அவை இப்போது ஈசூன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, மிச்சச் சேலைகளுக்குப் பக்கத்தில். போன வாரம் எதிர்வீட்டு அம்மா ஒரு சேலையை எடுத்துப் பார்த்து, "இப்பதான் வரி இல்லையே அண்ணே, ஒம்பது விழுக்காடு குறைச்சுப் போடுங்க" என்றார்.

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த ஆரணிப்பட்டை மடியில் விரித்தார். "முந்நூத்தம்பது" என்றார்.