நாலாயிரத்துச் சொச்சம்

வீட்டுக் கடன் கொடுக்கும்போது வங்கியில் ஒரு அட்டவணையும் கொடுப்பார்கள், சார். 240 வரி, பார்த்தாலே கண்ணைக் கட்டும். நான் அதை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக வைப்பதும் படிப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிற ஜாதி நான்.

கடன் 30 லட்சம். வட்டி 9 சதவீதம், 20 வருஷம், மாதத் தவணை 26,992 ரூபாய். முதல் வருஷம் முடிந்ததும் கணக்குப் போட்டேன். மூன்றே கால் லட்சம் கட்டியாச்சு, பாக்கி இருபத்தாறே முக்கால் லட்சம்தான் என்று மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவள் பேசாமல் போய் பீரோவைத் திறந்து அட்டவணையை எடுத்து வந்தாள். பன்னிரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.

"என்னங்க, பாக்கி 29,43,819-னு போட்டிருக்கே. அசல்ல ஐம்பத்தாறாயிரம்தானே கழிஞ்சிருக்கு?"

"அச்சுப்பிழையா இருக்கும்" என்றேன்.

ஏலச்சீட்டு நடத்துகிறவளிடம் சொல்லக்கூடிய பதிலா அது? அவள் முதல் வரியிலிருந்து பாடம் எடுத்தாள். 9 சதவீதம் வருஷத்துக்கு என்றால் மாதத்துக்கு முக்கால். 30 லட்சத்துக்கு முக்கால் சதவீதம் 22,500. என் தவணையில் முதலில் அது போய்விடும். மிச்சமிருக்கிற 4,492 தான் அசலில் கழியும். அடுத்த மாதம் பாக்கி 29,95,508. அதற்கு வட்டி 22,466. அசலுக்குப் போவது 4,526. அதாவது மாதம் முழுக்க உழைத்து நான் சாதித்த முன்னேற்றம் 34 ரூபாய்.

"ஒவ்வொரு வரியோட வட்டியும் முந்தின வரியோட பாக்கிக்குத்தான். பாக்கி குறையக் குறைய வட்டி குறையும், அந்த மிச்சம் அசலுக்குப் போகும். தவணை மட்டும் அப்படியே இருக்கும்" என்றாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததும் காபி கேட்டேன், கிடைக்கவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து அட்டவணை முழுவதையும் படித்தேன். துப்பறியும் நாவல் மாதிரி நடுவில்தான் திருப்பம். அசலுக்குப் போகும் பங்கு வட்டியைத் தாண்டுவது 149-ஆவது தவணையில், பன்னிரண்டரை வருஷத்துக்குப் பக்கத்தில். கடனில் சரிபாதி அடைவது 168-ஆவது வரியில். சரியாகப் பதினாலு வருஷம், சார். ராமருக்கு அத்தனை வருஷத்தில் முழு வனவாசமும் முடிந்துவிட்டது! கடைசித் தவணையில் வட்டி வெறும் 201 ரூபாய். அதற்குள் நான் வங்கிக்கு வட்டியாக மட்டும் ஏறக்குறைய முப்பத்தைந்து லட்சம் கொடுத்திருப்பேன்.

இதில் மோசடி ஒன்றும் கிடையாது. வங்கி முதலில் வட்டியைச் சுருட்டிக்கொள்கிறது என்று டீக்கடையில் நானே பேசியிருக்கிறேன். ஆரம்பத்தில் கடன் அதிகம், அதனால் வட்டியும் அதிகம், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் அவளுக்குச் சீட்டில் ஒரு லட்சம் வந்தது. ஸ்கூட்டர் வாங்கலாம் என்ற என் யோசனை விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. பணத்தை அசலில் கட்டினோம். தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததில், அட்டவணையின் அடியில் பத்தொன்பது மாதம் உதிர்ந்தது. ஒரு லட்சம் கட்டி நாலு லட்சத்துக்கு மேல் மிச்சம். இதே லட்சத்தைப் பதினாலாவது வருஷக் கடைசியில் கட்டியிருந்தால் ஆறு மாதம்தான் குறைந்திருக்கும்.

கட்டிய பணம் அசலில்தான் கழிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடுத்த மாத வட்டியில் 750 ரூபாய் கூடுதலாகக் குறைந்திருக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு முக்கால் சதவீதம். குறையவில்லை என்றால் முன்பணத் தவணையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கிளம்பிப் போய்க் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் கேட்பது அவள், பக்கத்தில் பையோடு நிற்பது நான்.

மாறும் வட்டிக் கடனில் இன்னொரு ஆபத்து. முதல் வருஷ முடிவில் வட்டி அரை சதவீதம் ஏறினால், பெரும்பாலும் தவணை மாறாது. சத்தமில்லாமல் அட்டவணையின் அடியில் இரண்டு வருஷம் முளைத்துவிடும். தவணையைக் கூட்டுவதா, காலத்தைக் கூட்டுவதா என்று தீர்மானிக்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. நான் அதையும் பீரோவில் பத்திரமாக வைத்தேன்.

உங்களுக்கும் கடன் இருந்தால், வட்டி மாறும்போதெல்லாம் புது அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கடைசி வரியின் தேதியைப் பாருங்கள். வீட்டுக்காரம்மா பார்ப்பதற்கு முன்னால் பார்த்துவிடுவது உத்தமம்.