ஓரி விழாவன்றும் ஆஜர்

ராசிபுரம் பக்கம் டியூஷன் நடத்தும் கணக்கு வாத்தியார் ஒருவர் எனக்கு அண்டைவீட்டுக்காரர். 36 பிள்ளைகளின் வருகைப் பதிவும் அவருடைய ஒரு நாற்பது பக்க நோட்டில் அடக்கம். ஒரு நாளுக்கு ஒரு வரிதான்:

“5/7: கார்த்தி, கௌசல்யா, எருமப்பட்டியான், ரெண்டு ஸ்ரீயும்.”

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், “எம் பையன் எத்தன நாளுங்க வந்தான்? ஒரு தாள்ல காட்டுங்க” என்று கேட்டுவிட்டார். சார் நோட்டோடு என் திண்ணைக்கு வந்தார். “தம்பி, இத கட்டம் போட்டுக் குடு. பக்கவாட்டுல பேரு, மேல தேதி, உள்ள வந்தான், வரல. அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்று யார் சொன்னாலும் நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

முதல் சிக்கல், நோட்டில் இருப்பது வராதவர்கள் மட்டுமே. வந்தவனை யார் எழுதி வைப்பார்கள்? ஆகவே கட்டத்துக்குள் நேராகக் குதிக்காமல், சாரின் வரிகளை முதலில் உடைக்க வேண்டும். ஒரு வரிசையில் ஒரு தேதி, ஒரு ஆள். மேலே சொன்ன ஜூலை 5 ஐந்து வரிசையாக நீளும். அதற்கு List என்று பெயர் வைத்தேன்.

அடுத்து ஆளை அடையாளம் காண வேண்டும். எருமப்பட்டியானுக்கு அவன் அப்பா வைத்த பெயர் வேறு. கார்த்திகள் மூன்று பேர். கௌசல்யா இன்னும் மோசம். ஒருநாள் கௌ என்று சரியாகவும், இன்னொரு நாள் கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டும் தட்டெழுதியாகிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒருத்திதான், எக்செல்லுக்கோ ஊர் பேர் தெரியாத இரண்டு பெண்கள். அதனால் தனி ஷீட் ஒன்றில் இடப்பக்கம் நோட்டில் வரும் எல்லாப் பெயர்களையும், வலப்பக்கம் வரிசை எண்ணையும் எழுதினோம். எருமப்பட்டியான் 14, கௌசல்யா 9, கெள-சல்யாவும் 9. கடைசியில் `FALSE` போட்ட `VLOOKUP` அந்த எண்ணைத் தேடி List-இன் B பத்திக்கு எடுத்துவரும். கிடைக்காத பெயருக்கு `#N/A` என்று கத்தும். கத்தினால் நல்லது, சாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். வெறும் ‘கார்த்தி’க்கு அவரிடம் பதில் இருந்தது: “அதா, லேட்டா வர்ற கார்த்தி.”

தேதியும் சும்மா விடவில்லை. கணினி அமெரிக்க வழக்கில் இருந்தால் 5/7 மே 7 ஆகிவிடும். 15/7 என்றால், பதினைந்தாவது மாதம் கிடையாதே, வெறும் எழுத்தாக நின்றுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நிஜத் தேதி கட்டத்தின் வலது ஓரம் ஒட்டும், எழுத்து இடது ஓரம் ஒதுங்கும். ஒரே பத்தியில் இரண்டு ஓரத்திலும் தேதி நின்றால், வலது பக்கம் நிற்பவையும் மாதம் மாறியவை என்று சந்தேகப்பட வேண்டும்.

பிறகு கட்டம். பட்டியலில் இருந்தால் A, இல்லாவிட்டால் P என்று சூத்திரம் போட்டதும் பள்ளிக்கூடமே கண்டிராத ஒழுக்கம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை 36 பேரும் வந்திருந்தார்கள். ஆடி 18 அன்று கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அன்றும் முழு வகுப்பும் அல்ஜீப்ரா படித்ததாகச் சொன்னது கட்டம். இதுதான் இந்த வேலையின் குணக்கேடு: எழுதாதவன் எல்லாம் வந்தவன். வகுப்பு நடக்காத நாளும், ஒருவரும் மட்டம் போடாத நாளும் நோட்டில் ஒரே வெறுமைதான். சார் எழுத மறந்த நாளும் அதே. ஆகவே வகுப்பு நடந்த தேதிகளை மட்டும் Days ஷீட்டில் எழுதி, சூத்திரத்தை மாற்றினேன். A பத்தியில் வரிசை எண், B-யில் பெயர், C-யிலிருந்து தேதிகள்:

```
=IF(COUNTIF(Days!$A:$A,C$1)=0,"",
 IF(COUNTIFS(List!$A:$A,C$1,
 List!$B:$B,$A2)>0,"A","P"))
```

சரிபார்க்க ஒரு கணக்கு போதும். List-இல் 91 வரிசை, கட்டத்தில் 88 A. வராதவர்களிலேயே மூன்று பேரைக் காணோம்! இரண்டு பேரைச் சார் ஒரே நாளில் இரண்டு முறை எழுதியிருந்தார், கோபத்தில் இருந்திருப்பார். மூன்றாவது, Days-இல் இல்லாத ஒரு ஞாயிறு. “அன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் தம்பி. ஒருத்தன்தான் வரல, அதனால எழுதினேன்.” அந்த ஞாயிறைச் சேர்த்தேன், இரட்டைப் பெயர்களை நீக்கினேன். 89-க்கு 89.

கோழிப்பண்ணைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். பையன் வரிசையில் P-க்குக் குறைவில்லை. “இத்தன நாள் வந்தும் இந்த மார்க்கா?” என்றார். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

சாருக்குக் கட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் நோட்டில் எழுதுவதே இல்லை, ராத்திரி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்.