எடை பார்க்கும் உறவினர்கள்

ஹவுரா ரயில் நிலையத்தில் ஒரு காலத்தில் எடை இயந்திரம் நின்றிருக்கும். வண்ண விளக்குகள் சுழலும், காசு போட்டால் ஒரு அட்டை விழும். ஒரு பக்கத்தில் எடை, மறுபக்கத்தில் 'உங்களுக்கு நல்ல காலம் வருகிறது' என்பதுபோல் ஒரு வரி. நீங்களாக ஏறி நிற்காத வரை அது வாய் திறக்காது. எங்கள் உறவினர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சென்னை மெயிலிலிருந்து இறங்கிய பெரியம்மா, பெட்டியைக் கூலிக்காரரிடம் கொடுக்கும் முன்பே என் தங்கை மகளின் எடையைச் சொல்லிவிட்டார். "என்னடி இப்படி ஊதிட்டே?" காசும் கேட்கவில்லை, நல்ல காலமும் சொல்லவில்லை.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு இந்தச் சோதனை ஒரே மாதத்தில் இரண்டு மொழிகளில் நடக்கும். நவராத்திரி ஒன்பது நாளும் வீடு வீடாகக் கொலு. அதே நாட்களில் ஊரெல்லாம் துர்கா பூஜை. தசமியன்று அம்மன் கங்கையில் கரைந்ததும் பிஜோயா தொடங்கிவிடும். பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், தட்டு நிறைய நிம்கியும் தேங்காய் நாருவும் வரும். மேல் மாடி மாஷிமா தலையில் கை வைத்து ஆசீர்வதித்துக்கொண்டே "மோட்டா ஹொயே கேச்சிஷ்" என்பார். குண்டாகிவிட்டாய் என்று அர்த்தம். சொன்ன கையோடு இன்னும் இரண்டு நாரு தட்டில் விழும். வேண்டாம் என்றால் "டயட்டா?" என்று அடுத்த கேள்வி. சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம், இரண்டுக்கும் நீதிபதி ஒருவரே.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. கொலுப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் தொந்தியும் தொப்பையுமாக மளிகைக்கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பருப்பும் அரிசியும் வைத்து அழகு பார்ப்பது இதே பெரியம்மாதான். மண்ணால் செய்த வயிற்றுக்கு மரியாதை, மனுஷி வயிற்றுக்கு விசாரணை.

என் தங்கை மகளின் கதையைச் சொல்கிறேன். சால்ட் லேக்கில் வேலை. ஒரு நோய்க்காக ஆறு மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாள். அதில் பசி கூடும், முகம் உப்பும், கன்னம் வட்டமாகும். மருந்து எழுதும்போதே மருத்துவர் சொல்லிவிடும் விஷயம் இது. அஷ்டமியன்று எடுத்த படத்தை அவள் அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அரை மணி நேரத்தில் மாநாடு கூடிவிட்டது. சித்தப்பா சிரிக்கும் பொம்மை போட்டார். பெரியம்மா "வரன் பார்க்கற நேரத்துல இப்படியா?" என்றார். ஒரு அத்தை கொள்ளுக் கஞ்சி வீடியோ அனுப்பினார். இன்னொருவர் "கருத்தும் போயிட்டா" என்று சேர்த்தார், எடை மட்டும் பேசினால் நிறம் கோபித்துக்கொள்ளுமோ என்னவோ. உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை எத்தனை நாள் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நாற்பது பேர் இருக்கும் குழு அது.

கேட்டால் அக்கறை என்பார்கள். சரி, இந்த அக்கறை என்ன வேலை செய்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் ஆய்வாளர்கள் இருவர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2,379 அமெரிக்கப் பெண் குழந்தைகளிடம் பத்து வயதில், "நீ ரொம்பக் குண்டு" என்று யாராவது சொன்னதுண்டா என்று கேட்டிருந்தார்கள். பிறகு பத்தொன்பது வயதில் எடை பார்த்தார்கள். அப்படிச் சொல்லக் கேட்ட பெண்களே பின்னாளில் உடல் பருமனில் விழும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பத்து வயதில் அவர்கள் உண்மையில் என்ன எடை இருந்தார்கள் என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் அப்படித்தான். இதில் பெரியம்மா சட்டம் போட்டு மாட்டவேண்டிய வரி ஒன்று உண்டு: சொன்னது வெளியாள் என்பதைவிட வீட்டார் என்றால் பாதிப்பு கூடுதல். இது காரணத்தை நிரூபிக்கும் சோதனை அல்ல, தொடர்பைக் காட்டும் ஆய்வுதான். ஆனால் சொல்லிச் சொல்லி இளைக்க வைக்கலாம் என்ற உறவினர் வைத்தியத்துக்கு அதில் ஒரு துளி ஆதரவும் இல்லை.

நீதிமன்றம் வரை போன கதையும் இருக்கிறது. கணவனின் அண்ணன் மனைவி, அதே வீட்டில் இருந்துகொண்டு, உன் உடல்வாகு சரியில்லை, என் கொழுந்தனுக்கு உன்னைவிட அழகானவள் கிடைத்திருப்பாள் என்று சொல்லி வந்ததாகக் கேரளத்தில் ஒரு பெண் புகார் கொடுத்தார். வழக்கை ரத்து செய்யக் கேட்டபோது, 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் மறுத்தது. அப்படி உருவத்தைக் கேலி செய்வது பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு சொன்ன கொடுமைக்குள் முகாந்திர அளவில் வரும் என்றது. உடனே போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பிரிவு, மனைவியைக் கணவனும் அவன் உறவினரும் கொடுமைப்படுத்துவதற்கு மட்டும்தான் இருந்தது; இப்போது அதன் இடத்தில் இருக்கும் சட்டமும் அப்படியே. கொலுவுக்கு வந்த சொந்தப் பெரியம்மாவை அது தொடாது. அவரை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

என் தங்கை மகள் நிறுத்தினாள். முதல் முயற்சி குழுவிலேயே, நடு இரவில், நீளமாக. தைராய்டு முதல் ஸ்டீராய்டு வரை விளக்கியிருந்தாள். விளைவு, விளக்கத்துக்கு நாலு மறுப்பு, மூன்று பாட்டி வைத்தியம், சித்தப்பாவின் மானப் பிரச்சினை ஒன்று. சபையில் தவறு என்று சொல்லப்பட்ட பெரியவர் எவரும் ஒப்புக்கொண்டதாக நம் குடும்ப வரலாற்றில் பதிவில்லை. காரணம் சொன்னால் காரணத்தோடு சண்டைக்கு வருவார்கள். எனவே இரண்டாவது முறை தனித்தனியாக, காரணம் இல்லாமல் எழுதினாள்:

"பெரியம்மா, அஷ்டமி போட்டோவுக்குக் கீழே என் உடம்பைப் பத்தி எழுதினீங்க. எனக்கு அது பிடிக்கலை. இனிமே என் எடை, நிறம், முடி எதைப் பத்தியும் எழுத வேண்டாம், நேர்லயும் சொல்ல வேண்டாம். மத்தபடி எப்பவும்போலப் பேசலாம். சனிக்கிழமை வர்றேன்."

'தப்பா நினைக்காதீங்க' இல்லை, மன்னிப்பும் இல்லை. என்ன நடந்தது, என்ன வேண்டாம், உறவு இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு முன் அவள் அம்மாவை உட்காரவைத்துப் பேசியதுதான் பெரிய வேலை. ஏனென்றால் மகளிடம் சொல்ல முடியாததை அம்மாவுக்கு போன் செய்து சொல்வார்கள். விமர்சனம் நிற்காமல் இடம் மட்டும் மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். என் தங்கையும் தேர்ந்துவிட்டாள். "அதை அவகிட்டயே சொல்லு அக்கா" என்று சொல்லி போனை வைக்கப் பழகிக்கொண்டாள்.

பதில்கள் எதிர்பார்த்தபடியே வந்தன. "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார் சித்தப்பா. "இனிமே உன்கிட்ட வாயே திறக்கக் கூடாது போல" என்றார் பெரியம்மா. எடையை எடுத்துவிட்டால் பேச வேறு ஒன்றும் இல்லை என்ற அந்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கு அவள் பதில் எழுதவில்லை. அடுத்த கொலுவில் பெரியம்மா மறுபடி "கன்னம்..." என்று ஆரம்பித்தார். "பெரியம்மா, அன்னிக்கே எழுதினேன்ல" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் கிண்ணத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். விவாதம் இல்லை, அழுகை இல்லை. கேட்க ஆள் இல்லாத தீர்ப்பைப் பெரியம்மா தானே விழுங்கினார்.

இந்த வருடம் பெரியம்மா அவளிடம் ரயில் எத்தனை மணி நேரம் தாமதம் என்று பேசினார். சித்தப்பா இன்னும் முறைக்கிறார். கொள்ளுக் கஞ்சி அத்தை திருந்தவில்லை. அவருக்கும் அதே செய்தி, பெயரை மட்டும் மாற்றி, போயிருக்கிறது. உங்களுக்கும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.