நிலை: நன்று

எனக்கு அடுத்து இந்த நாற்காலிக்கு வருபவருக்கு,

ஒப்படைப்புப் படிவத்தில் ‘லேப்டாப்பின் நிலை’ என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை. மீதி இங்கே.

முதலில் பேட்டரி. நான்கு வருஷம் இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடந்தது. போன சித்திரையில் டச்பேடை அழுத்தினால் கிளிக் விழவில்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். ஓரத்தில் தூசி இருக்குமோ என்று ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பியும் பார்த்தேன். அடுத்த வாரம் மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆட ஆரம்பித்தது. மேஜைமேல்தான் சந்தேகப்பட்டு, அதன் காலடியில் காகிதத்தை மடித்து வைத்தேன். பிறகு மூடினாலும் முழுசாக மூடவில்லை.

ஐடி அண்ணன் வந்து ஒரு பார்வை பார்த்தார். “சார்ஜரைக் கழட்டுங்க, அழுத்தி மூடாதீங்க” என்றார். திறந்தால் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. எப்போதும் முழு சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால் உள்ளிருக்கும் வேதித் திரவம் சிதைந்து வாயுவாகிறதாம். அது பேட்டரியின் பையை உப்பவைத்து, மேலிருக்கும் டச்பேடைத் தள்ளுகிறது. மூன்று வாரம் அந்தப் பூரியின் மேல்தான் கையை ஊன்றி டைப் அடித்திருக்கிறேன். “குத்துப்பட்டா தீப்பிடிச்சிடும்” என்று அவர் சொன்னபோது ஸ்க்ரூட்ரைவர் விஷயத்தை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.

இப்போது இருப்பது புது பேட்டரி. பயாஸில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஏறவில்லை என்று டிக்கெட் போடாதீர்கள். மாதம் ஒருமுறை கமாண்ட் பிராம்ப்டில் இதை அடித்துப் பாருங்கள்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்று ஒரு கோப்பு வரும். அதில் DESIGN CAPACITY பிறந்தபோது இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY இன்றைய கொள்ளளவு. பழைய பேட்டரிக்கு முதலாவது 42,000 mWh, இரண்டாவது 23,100. அதாவது பாதியைவிடக் கொஞ்சம் மேலே, 55 சதவீதம். ஆனால் இந்த அறிக்கை தேய்மானத்தைத்தான் சொல்லும், உப்பலைச் சொல்லாது. உப்பலுக்குச் சமதளத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

பயாஸுக்குள் போனால் வேறு எதையும் தொடாதீர்கள். நான் ஆர்வக்கோளாறில் செக்யூர் பூட்டை அணைத்தேன். மறுநிமிடம் பிட்லாக்கர் வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அது ஐடி அண்ணனிடம் இருந்தது. ஐடி அண்ணன் டீக்கடையில் இருந்தார்.

கீபோர்டில் E ஒருமுறை அடித்தால் இரண்டு விழும். meeting என்று அடித்தால் meeeeting என்று வரும். மேலாளர் அதை என் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார். அதனால் சரிசெய்யச் சொல்லவில்லை.

மேஜைக் காலடியில் இருக்கும் காகிதத்தை எடுத்துவிடாதீர்கள். மேஜையும் உண்மையிலேயே ஆடுகிறது. உப்பல் சோதனையைப் பேன்ட்ரியில் இருக்கும் கிரானைட் திண்டில் வைத்துக்கொள்ளுங்கள்.