கைப்பேசியின் உஷ்ண வரவு செலவு

நம் வீடுகளில் உஷ்ணத்தின் தலையில் போடப்படாத பழி என்று ஒன்று கிடையாது. கண் எரிந்தால் உஷ்ணம், வாயில் புண் வந்தால் உஷ்ணம், பையன் பரீட்சையில் கோட்டைவிட்டாலும் மண்டைச் சூடுதான் காரணம் என்று சாதிக்கக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகையால், கோடை விடுமுறைக்குச் சென்னைக்கு வந்திருந்த என் தமக்கை மகன், கூடத்து ஊஞ்சலில் சாய்ந்தபடி, துப்பாக்கிகளும் பாராசூட்டுகளும் நிறைந்த ஒரு விளையாட்டில் நடுப்பகலைக் கழித்துவிட்டு, "மாமா, போன் கொதிக்குது, நல்லா ஓடிட்டு இருந்த கேம் இப்ப லேக் அடிக்குது" என்று முறையிட்டபோது, என் தாயார் சற்றும் தயங்காமல், "சூட்டு உடம்புடா அதுக்கு! எடுத்து ஃபிரிட்ஜுல வை" என்று சிகிச்சை சொல்லிவிட்டதில் எனக்கு வியப்பில்லை. நோயை நிதானித்ததில் அவர் சொன்னது முழுக்கச் சரி, மருந்துதான் விபரீதம்.

கைப்பேசி என்பது மின்விசிறி இல்லாத ஒரு கணினி. மேஜைக் கணினிக்குள் ஒரு விசிறி இரைந்துகொண்டே உஷ்ணத்தை வெளியே தள்ளுகிறது. இந்தச் சிறு யந்திரத்துக்கோ அதன் மேல்தோல் ஒன்றே கதி. விளையாட்டு மும்முரமாக நடக்கையில் பிராசஸர், சித்திரம் தீட்டும் பகுதி, திரை, டவரோடு பேசும் ரேடியோ ஆகிய எல்லாம் சேர்ந்து சுமார் 6 வாட் மின்சாரத்தை உட்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவும் கடைசியில் உஷ்ணமாகத்தான் மாறியாக வேண்டும். இது வரவு. செலவு எப்படியென்றால், அசையாத காற்றில் சாதாரண அளவுள்ள ஒரு போன், தன் மேனிக்கும் அறைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய கால் வாட் வீதம் உஷ்ணத்தை விட்டொழிக்கும். குடும்பத்தில் வரவு மிஞ்சினால் சந்தோஷம்; இந்தக் கணக்கில் மட்டும் வரவு மிஞ்சினால் ஆபத்து.

மேனி எவ்வளவு சுடலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே இருக்கும் சிப் 80 டிகிரியைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். அதைப் பிடித்திருக்கும் மனிதக் கை பொறுக்காது. ஆகவே மேற்பரப்பு சுமார் 43, 44 டிகிரியைத் தொட்டதும், போன் தன் பிராசஸரின் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இதற்குத்தான் தெர்மல் த்ராட்லிங் என்று பெயர். என் மருமான் இதைப் போனின் சோம்பேறித்தனம் என்றான். அவனுடைய உள்ளங்கையைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட தியாகம் என்பதை அவன் ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குளிர்ந்த ஊரில் 24 டிகிரி அறையில் அமர்ந்து ஒருவன் விளையாடினால், 44 டிகிரி மேனிக்கும் அறைக்கும் 20 டிகிரி வித்தியாசம்; ஆக 5 வாட் வெளியேறும். சென்னை மே மாதத்தில், 34 டிகிரி கூடத்தில், வித்தியாசம் 10 டிகிரிதான். வெளியேறுவது இரண்டரை வாட். போன் அதே போன், விளையாட்டும் அதே விளையாட்டு. உஷ்ணம் கழியும் சக்தி மட்டும் பாதியாகிவிட்டது. போனின் எடை 200 கிராம் என்று கொண்டால், குளிர்ந்த அறையில் சுமார் இருபது நிமிஷத்தில் தொடும் எல்லையை நம் கூடத்தில் ஆறேழு நிமிஷத்திலேயே தொட்டுவிடும். முதல் ஆட்டம் அமோகமாக ஓடி, இரண்டாவது ஆட்டம் தள்ளாடுவதன் ரகசியம் இதுதான். விமர்சனம் எழுதுகிறவர் குளிர்சாதன அறையில் பார்த்த வேகம் நம் வீட்டில் தென்படாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் எல்லாத் தடுமாற்றத்தையும் உஷ்ணத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. எதிராளி இருந்த இடத்திலிருந்து மறைந்து வேறோரிடத்தில் தோன்றி, திரையில் காட்டும் பிங் எண்ணும் எகிறினால், அது இணையத் தொடர்பின் கோளாறு. பிங் ஒழுங்காக இருக்கையில் சித்திரம் மட்டும் வெட்டி வெட்டி ஓடி, திரையின் வெளிச்சமும் தானாக மங்கி, விளையாட்டை மூடிய பிறகும் போன் சற்று நேரம் மந்தமாகவே இருந்தால், அது உஷ்ணத்தின் வேலை.

பரிகாரங்களில் தலையாயது எவருக்கும் பிடிக்காதது: படத்தின் வேகத்தை நாமே குறைத்து வைத்துக்கொள்வது. பிராசஸரின் வேகம் கூடும்போது அதற்கு ஊட்டும் வோல்டேஜும் கூட வேண்டியிருக்கிறது. செலவாகும் மின்சாரமோ வேகத்துக்கும், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறுகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கினால், வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவனுக்கு அந்தச் சிப்பின் மின்செலவில் ஏறக்குறைய பாதி மிச்சமாகிறது. இவ்வளவு தாராளமான தள்ளுபடியை ஆடி மாதத்தில்கூட யாரும் கொடுப்பதில்லை. ஆகவே விளையாட்டின் செட்டிங்கில் வினாடிக்கு 60 ஃபிரேம் என்றிருப்பதை 40 ஆக்கி, சித்திரத்தின் நயத்தையும் ஒரு படி இறக்கினால், ஆறு வாட் என்பது நாலரை வாட்டுக்கு வந்துவிடக்கூடும். 60-இல் தொடங்கி 25-க்கு விழுந்து எழுந்து திரும்ப விழுவதைக் காட்டிலும், ஆட்டம் முடியும்வரை 40-இலேயே நிற்பது குறி பார்ப்பதற்கு நல்லது. கட்டுப்பாட்டை நாம் விதித்துக்கொள்ளாவிட்டால் போன் விதிக்கும். அது நம்மைக் கேட்டுக்கொண்டு செய்யாது.

அடுத்தது, செலவை அதிகப்படுத்துவது. மேஜை விசிறியைப் போனின் முதுகில் படும்படி வைத்தால், கால் வாட் என்ற கணக்கு அரை வாட்டை எட்டும். 34 டிகிரி அறையிலும் 5 வாட் வெளியேறும். வரவு நாலரை, செலவு ஐந்து, ஏ.சி. இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது. அழகுக்கும் பாதுகாப்புக்குமாக மாட்டியிருக்கும் தடித்த ரப்பர் பின்னுறையைக் கழற்றாமல் விசிறி போடுவதில் பாதி பிரயோஜனம் போய்விடும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடினாலோ, பாட்டரியும் சார்ஜ் சர்க்யூட்டும் தத்தம் பங்குக்கு ஒரு வாட், இரண்டு வாட் என்று வரவில் சேர்த்துவிடும். சில போன்களில் பாட்டரியை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தை நேரே யந்திரத்துக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அது இல்லாதவர்கள் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு, கம்பியைப் பிடுங்கிவிட்டு உட்காருவதே உத்தமம்.

ஃபிரிட்ஜ் வைத்தியத்தில் என்ன விபரீதம் என்று கேட்கலாம். சில்லிட்ட போனை நம் கடற்கரை ஊர்க் காற்றுக்குள் எடுத்தவுடன், காற்றிலுள்ள ஈரம் அதன் மேலும், இடுக்கு கிடைத்தால் உள்ளேயும், நீர்த்துளிகளாகப் படியும். போனின் முதுகில் கவ்வவைக்கும் குளிர்விப்பான்களில் சில்லென்று உறையவைக்கும் ரகத்தை மிதமிஞ்சி ஓட்டினாலும் இதே அபாயம் உண்டு. வெறும் விசிறி ரகத்துக்கு இந்தத் தோஷம் கிடையாது. இதை என் தாயாரிடம் விளக்கியபோது, "அப்படின்னா மண்பானை மேல வை" என்று அவர் சமரசத்துக்கு வந்தார்.

வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பின்னுறையைக் கழற்றுங்கள், கம்பியைப் பிடுங்குங்கள், விசிறியைப் போடுங்கள், ஃபிரேமை நாற்பதில் நிறுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் சும்மா இருக்கும் போன் சுட்டாலோ, அதன் முதுகு உப்பித் திரை விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றாலோ, அது த்ராட்லிங் விவகாரம் அல்ல, பாட்டரியில் கோளாறு இருக்கலாம்; போனை அணைத்துவிட்டு, சார்ஜரில் போடாமல், ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.