வாசிக்க முடியாத கையெழுத்து

அக்கா மகளின் புருஷனுக்கு வலென்சியாவில் வேலை. இவளும் பிள்ளையும் அங்கே போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்குப் பிள்ளையின் பேர்த் சேட்டிபிக்கட் ஸ்பானிய மொழியில் வேண்டும்.  

அம்பிட்டியவில் இதற்கு யோசனை சொல்லாதவர் எவரும் இல்லை. "செமினரி ஃபாதர்மார்கிட்ட கேளுங்க மாமா, அவங்களுக்குத் தெரியாத பாஷையா?" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். 1893இல் 13ஆம் லியோ பாப்பரசர் நிறுவிய குருமடம் இருக்கும் ஊர். லத்தீன் ஒலித்த மலை. ஆனால் ஸ்பெயின்காரனுக்கு மொழி தெரிந்தவர் தேவையில்லை, அவன் நியமித்தவர்தான் தேவை. மாட்ரிட்டில் வெளிநாட்டு அமைச்சின் கீழ் மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்று இருக்கிறது. 1527இல் ஐந்தாம் கார்லோஸ் காலத்தில் தொடங்கியது. 'த்ரதுக்தோர் ஹுராதோ' எனப்படும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரை அந்த அமைச்சுதான் நியமிக்கிறது. நம்முடைய நீதி அமைச்சின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து ஸ்பானியத்துக்கு ஏற்றுகிறவர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

அவர் எதையும் விடமாட்டார். கடைசியில் எழுதும் சான்று வாசகமே 'நேர்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு' என்றுதான் இருக்கிறது. பிள்ளை பிறந்தது 2016இல், பழைய படிவம். அதில் தகப்பனின் இனம், தாயின் இனம், பெற்றோர் விவாகம் செய்தவர்களா, அறிவித்தவர் யார் என்று கூண்டு கூண்டாக இருக்கும். ஸ்பெயினில் யாரும் இனத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் முழுமை என்றால் முழுமை; 'இந்தியத் தமிழர்' என்பதும் ஸ்பானியத்தில் போய்ச் சேர்கிறது. மூலப் பிரதியையும் பின்னால் இணைத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தித் திகதி போடுகிறார்.

எழுத்து மட்டுமல்ல, முத்திரைகளையும் மொழிபெயர்க்கிறார். சதுர அடைப்புக்குள் 'வட்ட முத்திரை: பதிவாளர் நாயகம் திணைக்களம்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 'ஃபிர்மா இலெஹிப்லே' என்கிறார். வாசிக்க முடியாத கையெழுத்து என்று அர்த்தமாம். இதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நம் நாட்டு அதிகாரி ஆயுள் பூராவும் பழகிப் பழகி உருவாக்கிய கலையை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்! குமாஸ்தாவாகச் சேரும்போது முழுப்பெயர் எழுதுகிறார். முதல் பதவி உயர்வில் கடைசி எழுத்துகள் உதிர்கின்றன. உதவிப் பதிவாளரானதும் ஒரு சுழி, ஒரு நீட்டல். அதற்கும் மேலே போனால் பேனா வழுக்கிய கோடு மாத்திரம்தான். கோடு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு பெரிய ஆள். பென்ஷன் நெருங்கும்போது புள்ளி வைத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புள்ளிக்குக் கீழே சிவப்பு மையில் இன்னொருவர் சுழித்திருந்தார், புள்ளி சரிதான் என்று.

வேடிக்கை இல்லை, சட்டமே அப்படித்தான். அப்போஸ்டீல் உடன்படிக்கையில் இலங்கை சேராததால் ஒரே முத்திரையோடு தப்ப முடியாது. கொழும்பு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று உறுதிப்படுத்துகிறது. பத்திரத்தில் உள்ள விஷயத்தை அல்ல. பிறகு ஸ்பானியத் தூதரகத் தரப்பு, அமைச்சின் கையெழுத்து உண்மை என்று உறுதிப்படுத்துகிறது. பிள்ளை பிறந்ததா இல்லையா என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்த வரிசைதான் ஆளை விழுத்துகிற இடம். டவுனில் ஒரு ஏஜென்ட், "முதல்ல ட்ரான்ஸ்லேஷன் எடுத்துடுவோம் தங்கச்சி" என்று காசையும் வாங்கிக்கொண்டான். ஸ்பானியத்தில் அழகாக வந்தது. அதற்குப் பிறகு மூலத்தின் முதுகில் அமைச்சின் முத்திரை விழுந்தது. மொழிபெயர்ப்பில் அந்த முத்திரை இல்லை. ஆகவே அது முழுமையும் இல்லை. திரும்பவும் கட்டணம். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை.

அதற்குள் தகப்பன் பெயர் கிளம்பியது. பத்திரத்தின் ஆங்கிலப் பிரதியில் லெட்சுமணனுக்கு எல்லுக்குப் பின் 'ஈ', பாஸ்போர்ட்டில் 'ஏ'. மொழிபெயர்ப்பாளர் திருத்தமாட்டார், கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார். திருத்துவதானால் ஆங்கிலப் பிரதி எடுக்கும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். தமிழ் மூலத்திலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்துக்குத்தான் நடை.

ஆகவே, பிள்ளையின் பத்திரத்தைப் பத்திரமாக லாமினேட் பண்ணி அலுமாரியில் வைத்திருக்கும் பெருமக்களே, அதன்மேல் எந்த அமைச்சும் முத்திரை குத்த முடியாது. புதுப் பிரதி எடுங்கள், பெயரைப் பாருங்கள், முத்திரைகளை எல்லாம் வாங்குங்கள், ஸ்பானியத்தைக் கடைசிக்கு வையுங்கள். கையெழுத்துப் போடும் ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் கோட்டுக்குக் கீழே பெயரையும் பதவியையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.