பதினைந்து ஜிபியும் ஆடித்தபசும்

திருவேங்கடத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர். தன் ஜிமெயிலில் இடம் தீர்ந்துபோனது அவருக்கு ஒரு மாதமாகத் தெரியும். மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அதன் பக்கத்திலேயே காசு கட்டினால் இடம் கூடும் என்றும் இருந்ததால், "சோப்பு விளம்பரம் மாதிரி இதுவும் ஒண்ணு" என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "சார், உங்க மெயில் திரும்பி வந்துட்டு."

"எனக்கு ஒண்ணும் வரலையே!"

வராதுதான். கடிதம் திரும்பிய செய்தி அனுப்பியவருக்குத்தான் போகும். பூட்டிய வீட்டுக்கு வந்துபோன விருந்தாளி ஊரெல்லாம் சொல்வார், வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது.

திரும்பிய கடிதத்தின் அடியில் வழக்கமாக இப்படி ஒரு வரி இருக்கும்:

```
452-4.2.2 The recipient's inbox is out of storage space
```

4 என்று தொடங்கினால் 'இப்போதைக்கு இடமில்லை' என்று பொருள். அனுப்பிய சர்வர் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயலும். பொதுவாக நாலைந்து நாள் பார்த்துவிட்டுக் கைகழுவும். அதற்குள் இடம் காலியானால் கடிதம் தானாக வந்து சேரும். 5 என்று தொடங்கினால் அப்போதே மறுப்பு, மறுபடி அனுப்பச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பெரியப்பா உடனே வேட்டியை மடித்துக் கட்டி வேலையில் இறங்கினார். கட்டைவிரலால் ஒவ்வொரு மெயிலாக அழித்தார். கடன் தருகிறேன் என்றவன், பள்ளிக்கூட நண்பர், வங்கி என்று பேதமே இல்லை. சாயங்காலத்துக்குள் ஆயிரம் போயிருக்கும். எச்சரிக்கை மட்டும் அசையவில்லை. படமில்லாத மெயில் ஒன்று சராசரியாக ஐம்பது, நூறு கேபிதான். ஆயிரம் அழித்தால் மிஞ்சி மிஞ்சி 100 எம்பி. அதுவும் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கிறது. அங்கே முப்பது நாள் கிடக்கும், அதுவரை அதற்கும் இடக்கணக்கு உண்டு.

நான் போனதும் one.google.com/storage பக்கத்தைத் திறந்து காட்டினேன். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. போட்டோஸ், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குடும்பச் சொத்து. 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏறும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. பெரியப்பாவுக்கு மெயில் 1.1 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப் 4.6, போட்டோஸ் 9.3. சங்கரன்கோவில் ஆடித்தபசில் கூட்டத்துக்கு நடுவே கையைத் தூக்கி எடுத்த வீடியோக்கள் அதில் முக்காலே மூணு வீசம். பாதியில் அம்பாளுக்குப் பதில் முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரிகிறது.

"மெயில் ஒரு ஜிபிதானா? அப்ப என்னத்துக்கு மெயிலை நிறுத்துதான்?"

நியாயமான கேள்விதான். சொத்து தீர்ந்தால் பாகப்பிரிவினை பார்க்காமல் எல்லாக் கதவும் சாத்தப்படும். மெயில் வராது, அனுப்பவும் முடியாது.

ஆபத்தில்லாத இடத்திலிருந்து தொடங்கினோம். வாட்ஸ்அப் அமைப்பில் சாட் பேக்கப்புக்குள் போய், வீடியோவைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு மறுபடி பேக்கப் எடுக்க வைத்தேன். சிறிய புதுப் பேக்கப் பெரிய பழசின் இடத்தைப் பிடித்தது. போனில் இருக்கும் உரையாடலுக்கும் வீடியோவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனே தொலைந்தால் மட்டும் அந்த வீடியோக்கள் திரும்ப வராது. இதில் மட்டும் மூன்று ஜிபிக்கு மேல் மிச்சம். அடுத்து மெயிலின் தேடல் பெட்டியில் இதைத் தட்டினேன்:

```
has:attachment larger:10M
```

கல்யாண ஆல்பம், யாரோ அனுப்பிய கோயில் மலர் என்று கனமானவை வரிசையாக வந்து நின்றன. வேண்டியதைக் கணினியில் இறக்கி, திறந்து பார்த்துவிட்டு, மற்றதை அழித்தோம். பிறகுதான் குப்பைத்தொட்டியைக் காலி செய்தோம். அதற்கு முன் அதற்குள் ஒரு நடை தேடி, அவர் அழித்திருந்த ஓய்வூதியக் கடிதத்தை மீட்டோம்.

போட்டோஸில்தான் கை நடுங்க வேண்டும். பேக்கப் போட்டிருந்தால், அங்கே ஒரு படத்தை அழிப்பது போனிலும் அழிப்பதுதான். 'போனில் பத்திரமா இருக்குல்ல' என்று நம்பிப் பேரன் படங்களை இழந்தவர்கள் உண்டு. ஆகவே முதலில் பென்டிரைவில் நகல், அதைச் செருகிப் பார்த்துச் சோதனை, அதன் பிறகே பிடரி வீடியோக்களுக்கு விடை. பெரியப்பா ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அழிக்க விட்டார்.

கணக்கு உடனே குறையாது, கொஞ்ச நேரம் பிடிக்கும். மறுநாள் எச்சரிக்கை போய்விட்டது. வழியில் காத்திருந்த இரண்டு மெயில்களும் தாமாக வந்தன. காப்பீட்டுக் கடிதம் பழசு என்பதால் வரவில்லை. போனில் கேட்டபோது, "ஒரு விண்ணப்பம் மெயில்ல போடுங்க சார்" என்றார்கள்.

பெரியப்பா நல்ல முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி, வெளிச்சம் சரியில்லை என்று நாலு கோணத்தில் படமெடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதை வாசிக்கும் வீடியோவையும் சேர்த்து அனுப்பினார்.